பாட்டே இல்லாதபோதும் சூடேறும் ஆம்ப்ளிஃபயர்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டுபிடிக்கும் முறை

அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மாற்றிக் கொடுத்த ஆம்ப்ளிஃபயர் ஒரே வாரத்தில் அதே பழுதோடு மேசைக்குத் திரும்பி வந்தால், எரிந்தது டிரான்சிஸ்டர்தான் என்றாலும் பழுது அதில் இல்லை என்று கொள்ள வேண்டும். அப்படித் திரும்பி வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் நான் கண்டது, சூடு மின்னோட்டத்தைக் கூட்டுவதும், கூடிய மின்னோட்டம் மேலும் சூட்டைக் கூட்டுவதுமான ஒரு சுழலை. தெர்மல் ரன்அவே என்பது இதுதான். இந்தச் சுழலை அடக்குவதற்காகவே எமிட்டரில் அரை ஓமுக்கும் குறைவான ஒரு சிறு ரெசிஸ்டர் வைக்கப்படுகிறது. அந்த ஏற்பாட்டுக்கு எமிட்டர் டிஜெனரேஷன் என்று பெயர். சர்க்யூட்டிலேயே மிக மலிவான பொருள் அது என்பதால், பழுது பார்க்கும்போது கடைசியாகக் கவனிக்கப்படுவதும் அதுவாகவே இருக்கிறது.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் ஒரே வகை ஆம்ப்ளிஃபயரை வைத்துச் சொல்லப்பட்டவை. மேலும் கீழும் 42 வோல்ட் சப்ளை, ஒரு சேனலுக்கு 2SC5200, 2SA1943 என்ற ஒரு ஜோடி அவுட்புட், அவற்றை இயக்க TIP41C, TIP42C டிரைவர்கள், பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டைச் சற்றே திறந்து வைக்கும் பயஸ் வோல்ட்டேஜைப் பிடித்து நிறுத்த ஹீட்சிங்க்கில் ஒரு BD139, ஒவ்வோர் அவுட்புட்டின் எமிட்டரிலும் 0.22 ஓம் 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர். உங்கள் செட்டில் எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் சோதிக்கும் வரிசை மாறாது.

கை வைக்கும் முன்

ஸ்பீக்கரைக் கழற்றிவிடுங்கள். மெயின்ஸ் வயரோடு தொடராக 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். ஆன் செய்த கணத்தில் பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டால், உள்ளே முழு ஷார்ட் இல்லை என்று பொருள். பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உடனே அணைத்துவிட்டு இரண்டாவது அறிகுறிக்குச் செல்லுங்கள்.

அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே சில நொடிகள் பிடித்து வடியவிடுங்கள். இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் உலோக முதுகுகளுக்கு இடையே 84 வோல்ட் இருக்கும் என்பதால், ஆன் செய்த நிலையில் சூட்டை விரலால் தொட்டுப் பார்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மல்டிமீட்டரோடு வரும் தெர்மோகப்பிள் கம்பி அந்த வேலைக்குப் போதுமானது.

அறிகுறி 1: பாட்டு எதுவும் ஓடவில்லை, ஆனாலும் ஹீட்சிங்க் சூடேறிக்கொண்டே போகிறது

முதலில் அளக்க வேண்டியது, ஓய்வு நிலையில் அவுட்புட்டில் ஓடும் மின்னோட்டம். மேல் அவுட்புட்டின் எமிட்டருக்கும் கீழ் அவுட்புட்டின் எமிட்டருக்கும் இடையே மீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். நடுவில் இரண்டு 0.22 ஓம் ரெசிஸ்டர்கள், அதாவது மொத்தம் 0.44 ஓம் இருப்பதால், 44 மில்லிவோல்ட் காட்டினால் 100 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. ஆன் செய்தவுடன் ஒரு முறையும், பிறகு நிமிடத்துக்கு ஒரு முறையுமாக இருபது நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல செட்டில் இந்த எண் முதலில் சற்று ஏறி, பிறகு ஓரிடத்தில் நிற்கும். ஏறிக்கொண்டே போனால், அதுவும் ஏறும் வேகம் கூடிக்கொண்டே போனால், தேடும் பழுது கிடைத்துவிட்டது.

*எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால்*

பயஸைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட்டைத் திருப்பிப் பாருங்கள். யாரோ அதிகமாகத் திருப்பி வைத்திருப்பது மிக எளிய காரணம். திருப்பும்போது எண் சீராக மாறாமல் தாவினால், பிரீசெட்டின் உள்ளே தொடுமுனை தேய்ந்திருக்கிறது. அது BD139-இன் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் இருந்தால், தொடுமுனை விட்டுப்போனாலும் பயஸ் குறையுமே தவிர ஆபத்தில்லை. கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையில் இருந்தால், அது விட்டுப்போன மறுகணம் BD139 அணைந்து, பயஸ் முழுவதும் அவுட்புட்டின் பேஸ்களில் ஏறிவிடும். அப்படிப்பட்ட பலகைகளில் நான் பிரீசெட்டைச் சரிபார்ப்பதில்லை, நேராகப் புதிதாக மாற்றிவிடுகிறேன்.

அடுத்தது BD139 ஹீட்சிங்க்கோடு ஒட்டியிருக்கிறதா என்பது. டிரான்சிஸ்டரின் பேஸ்–எமிட்டர் வோல்ட்டேஜ் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறைகிறது. BD139 அந்தச் சூட்டை உணர்ந்தால், தானும் அதே கணக்கில் பயஸைக் குறைத்துக் கொடுக்கும். திருகு தளர்ந்தோ, பேஸ்ட் காய்ந்தோ, கம்பி நீட்டிப் பலகையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டோ இருந்தால் அதற்குச் செய்தி போய்ச் சேராது. சோதிப்பது எளிது: செட் ஓடும்போது சால்டரிங் அயர்னின் முனையை BD139-இன் உடம்பருகே கொண்டுசென்று லேசாகச் சூடாக்குங்கள். மில்லிவோல்ட் எண் இறங்கினால் BD139 தன் வேலையைச் செய்கிறது, குறை அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் உள்ளது. இறங்காவிட்டால் அதையே மாற்றுங்கள்.

*எண் பூஜ்யம், ஆனால் ஹீட்சிங்க் கொதிக்கிறது என்றால்*

இது பலரையும் ஏமாற்றும் நிலை என்பதால், என் மேசைக்கு வந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வாடகைக்குப் போய்வரும் ஒரு செட். வலது சேனலின் அவுட்புட் இரண்டு முறை வேறிடத்தில் மாற்றப்பட்டிருந்தது. எமிட்டருக்கு எமிட்டர் வைத்துப் பார்த்தால் சுழியம். பயஸே இல்லை என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். முன்னர் பார்த்தவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஏனெனில் பிரீசெட் முழுவதும் ஏற்றப்பட்டிருந்தது. பலகையைத் திருப்பிப் பார்த்தபோது, சிமெண்ட் ரெசிஸ்டர்கள் இருக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் தடித்த செம்புக் கம்பி ஈயம் வைத்து இணைக்கப்பட்டிருந்தது. அவுட்புட் எரியும்போது கூடவே வெடித்த ரெசிஸ்டருக்கு அன்று கையில் மாற்று இல்லை போலும். கம்பியின் வழியே எவ்வளவு மின்னோட்டம் ஓடினாலும் மீட்டர் பூஜ்யத்தைத்தான் காட்டும். பூஜ்யத்தைப் பார்த்து அவர் பிரீசெட்டை ஏற்ற, டிரான்சிஸ்டர் எரிந்திருக்கிறது. இரண்டு முறையும் அதே கதைதான்.

இந்த நிலையில் மின்னோட்டத்தை அளக்க, அந்தச் சேனலின் சப்ளை ஃபியூஸைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக வைக்க வேண்டும். பிரீசெட்டை முழுவதும் இறக்கி, பிறகு மெதுவாக ஏற்றி, நான் 90 மில்லி ஆம்பியரில் நிறுத்தினேன். மூன்றாவது நிமிடம் 150 ஆயிற்று. ஆறாவது நிமிடம் 200-ஐத் தாண்டியது. அதன்பிறகு நிமிடக் கணக்கு நொடிக் கணக்காக மாறியது. எண் 250-ஐத் தாண்டியதும் படபடவென்று ஏறத் தொடங்க, தொடரில் இருந்த பல்பு சிவந்து சப்ளையை இறக்கியதால்தான் டிரான்சிஸ்டர்கள் தப்பின.

அந்த 250-க்கு அருகில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் ஒரு கணக்கில் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் எந்த மதிப்புள்ள ரெசிஸ்டரை வைப்பது என்ற கேள்விக்கும் அதுவே விடை. ஒரு டிகிரி சூடு ஏறினால் மின்னோட்டம் எவ்வளவு கூடும் என்பது இது:

```
ΔI = 2 mV / (RE + 26 mV / I)
```

இதில் RE எமிட்டர் ரெசிஸ்டரின் மதிப்பு, I ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம். எமிட்டரில் வெறும் கம்பி இருந்தால் RE பூஜ்யம். அப்போது 240 மில்லி ஆம்பியர் ஓடும் டிரான்சிஸ்டரில், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 18 மில்லி ஆம்பியர் கூடுகிறது. 42 வோல்ட்டில் அது முக்கால் வாட் கூடுதல் சூடு. இந்த வகை டிரான்சிஸ்டரின் உள்ளிருக்கும் சிலிக்கானிலிருந்து ஹீட்சிங்க் வரை, இடையில் வைக்கும் மைக்காத் தகட்டையும் சேர்த்து, ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 1.3 டிகிரி ஏறும். ஆகவே அந்த முக்கால் வாட் தருவது மேலும் ஒரு டிகிரி. ஒரு டிகிரி கொடுத்தால் ஒரு டிகிரி திரும்ப வருகிறது, அது இன்னொன்றைத் தருகிறது, சுழல் நிற்பதற்கு இடமே இல்லை. ஹீட்சிங்க்கில் இருக்கும் BD139 இதைப் பிடிக்க முடியாது. சிலிக்கான் சூடேறுவது நொடிகளில், அந்தச் சூடு கனமான அலுமினியத்தைக் கடந்து BD139-ஐ அடைவது நிமிடங்களில்.

அதே இடத்தில் 0.22 ஓம் இருந்தால், மின்னோட்டம் எவ்வளவு பெரிதானாலும் ஒரு டிகிரிக்குக் கூடுவது 9 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. மின்னோட்டம் கூடும்போது அந்த ரெசிஸ்டரின் குறுக்கே வோல்ட்டேஜ் ஏறி, பேஸ்–எமிட்டருக்குக் கிடைப்பதில் அந்த அளவைக் கழித்துவிடுகிறது. 9 மில்லி ஆம்பியர் என்றால் 0.38 வாட், அதாவது அரை டிகிரி. ஒரு டிகிரிக்கு அரை டிகிரி, அதற்குக் கால் டிகிரி என்று தேய்ந்து சுழல் ஓய்ந்துவிடும். டிரான்சிஸ்டர் சூடாகத்தான் செய்யும், ஆனால் ஓரிடத்தில் நின்றுவிடும்.

இதே கணக்கை 0.1 ஓமுக்குப் போட்டுப் பாருங்கள். மின்னோட்டம் பெரிதாகும்போது ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரியைச் சற்றே தாண்டுகிறது. ஆகவே 0.22-க்குப் பதில் கையில் இருக்கும் 0.1 ஓமை வைப்பது கம்பி வைப்பதை விட மேல் என்றாலும், நம்பி அனுப்பக்கூடியது அல்ல. 0.33 ஓம் கிடைத்தால் தயங்காமல் வைக்கலாம்.

அந்தச் செட்டில் இரண்டு 0.22 ஓம் ரெசிஸ்டர்களை மட்டும் வைத்து, பிரீசெட்டை இறக்கி, 44 மில்லிவோல்ட்டுக்கு ஏற்றினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 51-இல் நின்றுகொண்டிருந்தது.

*ரெசிஸ்டர் இருக்கிறது, ஆனால் அதன் மதிப்பு சரிதானா என்று சந்தேகம் என்றால்*

சாதாரண மீட்டரின் ஓம் அளவை நம்ப வேண்டாம். அதன் கம்பிகளே 0.2 முதல் 0.5 ஓம் காட்டும். ரெசிஸ்டரின் ஒரு காலைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய பென்ச் சப்ளையிலிருந்து அதன் வழியே 1 ஆம்பியர் செலுத்தி, குறுக்கே வோல்ட்டேஜைப் பாருங்கள். 220 மில்லிவோல்ட் வந்தால் சரி. சிமெண்ட் உடம்பில் மயிரிழை விரிசல் இருந்தால், எண் சரியாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

அறிகுறி 2: ஆன் செய்தவுடன் ஃபியூஸ் போகிறது, அல்லது புதிய அவுட்புட் மாட்டியவுடன் எரிகிறது

இங்கே சுழல் ஏற்கெனவே முடிந்துவிட்டது, மிஞ்சியிருப்பது அதன் சாம்பல். மீட்டரை டயோட் அளவில் வைத்து, அவுட்புட்டின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரு திசையிலும் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் ஷார்ட். ஒன்று போயிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். சூட்டில் வெந்து மிஞ்சிய மற்றொன்று, மீட்டரில் நன்றாகக் காட்டிவிட்டு வேலையில் காலை வாரும்.

புதிய அவுட்புட்டை மாட்டும் முன் பார்க்க வேண்டியவை, மலிவிலிருந்து விலைக்கு இந்த வரிசையில் வரும். முதலில் எமிட்டர் ரெசிஸ்டர்கள். அவுட்புட் ஷார்ட் ஆகும்போது இவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் திறந்துபோயிருக்கும். பிறகு அவுட்புட்டின் பேஸில் இருக்கும் சிறு ரெசிஸ்டர்கள். பிறகு BD139-உம் பிரீசெட்டும். பிறகு டிரைவர்கள். மைக்காத் தகடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் தேவை: பிசிறு உலோகத் துணுக்கு ஒன்று அதைத் துளைத்திருந்தால், மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் கலெக்டர் ஹீட்சிங்க்கோடு ஷார்ட் ஆகும்.

இவை சரியான பிறகு பிரீசெட்டைக் குறைந்த பயஸ் பக்கம் முழுவதும் திருப்பி, தொடர் பல்போடு ஆன் செய்யுங்கள். BD139-இன் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே 2.2 முதல் 2.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், பிரீசெட் இறக்கப்பட்டிருந்தால் அதைவிடக் குறைவாக. நான்கு வோல்ட், ஐந்து வோல்ட் என்று காட்டினால், மறுகணமே அணைத்துவிட்டு BD139-இன் காலிணைப்பைப் பாருங்கள். அதன் கால் வரிசை, பக்கத்திலிருக்கும் TIP41C-இன் வரிசை அல்ல. மாற்றி மாட்டுவது எளிது, நானும் மாட்டியிருக்கிறேன்.

சந்தையில் கிடைக்கும் 2SC5200-களில் போலியும் உண்டு. உள்ளே சிலிக்கான் சிறியதாக இருப்பதால், மேலே சொன்ன 1.3 டிகிரி என்ற எண் அவற்றில் பெரிதாகிவிடும், அதோடு கணக்கு முழுவதும் கெட்டுவிடும். அசல் டிரான்சிஸ்டரோடு பக்கத்தில் வைத்து எழுத்து, கால்களின் தடிமன், எடை ஆகியவற்றை ஒப்பிடுவதைத் தவிர மேசையில் செய்யக்கூடியது அதிகமில்லை. நம்பகமான கடையில் வாங்குங்கள் என்பதே வழி.

அறிகுறி 3: மெதுவாகப் பாடும்போது ஒன்றும் இல்லை, ஒரு மணி நேரம் பலமாகப் பாடிய பிறகு நிறுத்தினாலும் சூடு இறங்கவில்லை

வீட்டில் மெல்லிய ஒலியில் வைத்துச் சோதித்தால் இந்தப் பழுது தலைகாட்டாது. ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் 100 வாட் ரெசிஸ்டரை மாட்டி, பாதி வால்யூமில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, சிக்னலைச் சட்டென்று நிறுத்தி, எமிட்டருக்கு எமிட்டர் மில்லிவோல்ட்டைப் பாருங்கள். நிறுத்திய உடன் 80, 90 என்று காட்டி, ஓரிரு நிமிடத்தில் பழைய எண்ணை நோக்கி இறங்கினால் நல்ல செட். சிக்னலே இல்லாமல் எண் அங்கேயே நின்றாலோ மேலே ஏறினாலோ பழுது உண்டு. இந்தச் சோதனையைத் தொடர் பல்பு இல்லாமல்தான் செய்ய வேண்டும், ஏனெனில் சூடேறும்போது பல்பு சப்ளையை இறக்கிப் பழுதை மறைத்துவிடும். கை சுவிட்சின் மேலேயே இருக்கட்டும்.

காரணங்களில் மிக எளியது அவுட்புட்டைப் பிடித்திருக்கும் திருகு. தெர்மோகப்பிளை டிரான்சிஸ்டரின் முகத்திலும், அதை ஒட்டிய ஹீட்சிங்க்கிலும் மாறி மாறி வையுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சூடு அலுமினியத்துக்குப் போகவில்லை. கழற்றி, பழைய பேஸ்ட்டை முழுவதும் துடைத்து, மைக்காவின் இரு புறமும் மெல்லிய படலமாக மட்டும் புதிய பேஸ்ட் தடவுங்கள். வெண்ணெய் தடவுவது போலத் தடித்துப் பூசினால் சூடு போவதற்கு அதுவே தடையாகிவிடும்.

திருகும் பேஸ்ட்டும் சரியாக இருந்தால் மறுபடியும் BD139-இன் இடத்துக்கு வாருங்கள். எமிட்டர் ரெசிஸ்டர் எதைக் காக்கும், எதைக் காக்காது என்பது இங்கேதான் தெரியும். BD139 ஹீட்சிங்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை, ஹீட்சிங்க்கின் சூட்டை அது சமாளிக்கிறது, 0.22 ஓம் சமாளிக்க வேண்டியது சிலிக்கானுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையிலான 1.3 டிகிரியை மட்டுமே. BD139 தொடாமல் இருந்தால் ஹீட்சிங்க்கின் ஏற்றமும் ரெசிஸ்டரின் தலையில் விழுகிறது. ஹீட்சிங்க் ஒரு வாட்டுக்கு ஒரு டிகிரி ஏறக்கூடியது என்று கொண்டால், இரு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து சுடுவதால் ஒவ்வொன்றின் கணக்கிலும் இரண்டு டிகிரி கூடும். 1.3 என்பது 3.3 ஆகிவிடும். அப்போது 100 மில்லி ஆம்பியரில் ஒரு டிகிரிக்குத் திரும்ப வருவது அரை டிகிரிக்குச் சற்று மேல், ஆகவே மெதுவாகப் பாடும்போது எல்லாம் அமைதியாக இருக்கும். ஏறக்குறைய 450 மில்லி ஆம்பியரில் அது ஒரு டிகிரியாகிவிடும். பலமாகப் பாடிச் சூடேறிய செட்டில், ஓய்வு மின்னோட்டம் ஒரு முறை அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், சிக்னலை நிறுத்தினாலும் திரும்பி வராது. நல்ல 0.22 ஓம் இருந்தும் செட் எரிந்தது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது BD139 எங்கே இருந்தது என்பதைத்தான். முடிந்தால் அதை ஹீட்சிங்க்கின் மூலையில் வைக்காமல், இரு அவுட்புட்டுகளுக்கும் நடுவில் வையுங்கள்.

அதுவும் சரி என்றால், மிஞ்சுவது ஹீட்சிங்க்கின் அளவு, அடைபட்ட விசிறி, அல்லது 8 ஓமுக்குச் செய்த செட்டில் இணையாக மாட்டப்பட்ட இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள். கடைசியாகச் சொன்னதைச் செட்டின் உரிமையாளரிடம் கேட்டால்தான் தெரியும்.

அறிகுறி 4: இரண்டு ஜோடி உள்ள செட்டில் ஒரு டிரான்சிஸ்டர் மட்டும் சுடுகிறது

இணையாக இருப்பவற்றில் ஒன்று மட்டும் சுட்டால், சுமையை அது ஒன்றே தூக்குகிறது. ஒவ்வோர் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கேயும் தனித்தனியாக மில்லிவோல்ட்டைப் பாருங்கள். ஒன்றில் பூஜ்யம் என்றால் அந்த டிரான்சிஸ்டர் வேலை செய்யவில்லை, அல்லது அதன் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் கம்பி இருக்கிறது. கம்பி இருப்பது சுடும் டிரான்சிஸ்டரில் என்றால், காரணம் அதுவே.

இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு ரெசிஸ்டர் வைக்கப்பட்டிருந்தாலும் இதே கதிதான். பேஸ்–எமிட்டர் வோல்ட்டேஜில் 10 மில்லிவோல்ட் வித்தியாசம் உள்ள இரண்டை அப்படி இணைத்தால், ஒன்று மற்றதை விட ஒன்றரை மடங்கு மின்னோட்டம் எடுக்கும். அதனால் அது 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், வித்தியாசம் 30 மில்லிவோல்ட் ஆகி, மும்மடங்காகிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 0.22 ஓம் இருந்தால், இரண்டும் சேர்ந்து 4 ஆம்பியர் தூக்கும்போது அதே 30 மில்லிவோல்ட் உண்டாக்கும் வித்தியாசம் 0.13 ஆம்பியர்தான். ஒன்று 2.06, மற்றது 1.94. ஜோடி பொறுக்கி வாங்க முடியாத இடத்தில் இந்த ரெசிஸ்டரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அறிகுறி 5: சூடு இருக்கிறது, ஆனால் பிரீசெட்டை முழுவதும் இறக்கியும் குறையவில்லை

இது சூட்டுச் சுழல் போலத் தெரியும், ஆனால் அதுவாக இராது. அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 ஓமும் 0.1 மைக்ரோஃபேரடும் தொடராக இருக்கும். அந்த 10 ஓம் ரெசிஸ்டர், பாட்டே இல்லாமல் சுட்டாலோ கருகியிருந்தாலோ, காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் செட் ஊளையிட்டுக்கொண்டிருக்கிறது. ஆசிலோஸ்கோப் இல்லாமல் இதைத் துரத்துவது நேர விரயம். அது உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 6: சூடு நின்றுவிட்டது, ஆனால் மெல்லிய ஒலியில் கரகரப்பு

பயத்தில் பிரீசெட்டை மிகவும் இறக்கியிருப்பீர்கள். மில்லிவோல்ட்டைப் பார்த்துச் சற்று ஏற்றுங்கள். ரெசிஸ்டரை மாற்றும்போது 0.22-க்குப் பதில் 1 ஓம் வைத்திருந்தாலும் இப்படி ஆகலாம். சுழலைப் பொறுத்தவரை 1 ஓம் மிகப் பாதுகாப்பானது, ஆனால் 5 ஆம்பியர் ஓடும்போது அதன் குறுக்கேயே 5 வோல்ட் போய்விடும், ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய பவர் ரெசிஸ்டரில் வெந்துவிடும். 0.22-இல் அந்த இழப்பு 1.1 வோல்ட்.

அறிகுறி 7: சூடு இல்லை, ஆனால் வெயில் ஏற ஏற ப்ரீஆம்ப்பில் ஒலி நசுங்குகிறது

BC547 போன்ற சிறு டிரான்சிஸ்டரின் எமிட்டர் நேராகக் கிரவுண்டுக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். கலெக்டரில் உள்ள ரெசிஸ்டர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் இது எரியாது, ஆனால் கலெக்டர் வோல்ட்டேஜ் தரையை நோக்கி நகர்ந்து ஒலி ஒரு பக்கம் வெட்டுப்படும். பேஸுக்கு இரண்டு ரெசிஸ்டர்களால் வோல்ட்டேஜைப் பிரித்துக் கொடுத்து, எமிட்டரில் 1 கிலோ ஓம் வையுங்கள். 1 மில்லி ஆம்பியர் ஓடும்போது, டிகிரிக்கு நூற்றுக்கு எட்டு என்று நகர்ந்தது நூற்றுக்கு 0.2 ஆகிவிடும். ஒலி குறைந்துவிட்டால் அந்த 1 கிலோ ஓமின் குறுக்கே ஓர் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைப் போடுங்கள். ஒலிக்கு எமிட்டர் தரையில் இருக்கும், சூட்டுக்கு மட்டும் ரெசிஸ்டர் நிற்கும்.

எந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பிறரிடம் கொடுப்பது

ஸ்பீக்கர் முனையில், சிக்னல் இல்லாமல், அரை வோல்ட்டுக்கு மேல் டிசி நின்றால், அது அவுட்புட்டின் பழுது மட்டும் அல்ல. ஸ்பீக்கரை மாட்ட வேண்டாம், முன்பக்கச் சர்க்யூட்டை அறிந்தவரிடம் கொடுங்கள். எமிட்டர் ரெசிஸ்டருக்குக் கீழே பலகை கருகிக் கரியாகியிருந்தால், அந்தக் கரியே மின்சாரத்தைக் கடத்தும். அதைச் சுரண்டி எடுத்துக் கம்பிவழி இணைப்புத் தரத் தெரியாவிட்டால் பலகையை மாற்றச் சொல்லுங்கள். கனமான மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஸ்விட்சிங் சப்ளையில் ஓடும் செட்டில், அதன் முதல் பக்கத்துக் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அங்கே பழக்கம் இல்லாத கை போகக் கூடாது. எமிட்டர் ரெசிஸ்டர், BD139, மைக்கா மூன்றும் சரியாக இருந்தும், இரண்டாவது ஜோடியும் எரிந்துவிட்டால், மூன்றாவது ஜோடியை வாங்கும் காசைச் சோதனைக் கருவி உள்ள ஒருவருக்குக் கூலியாகக் கொடுப்பது மலிவாக முடியும். கொடுக்கும்போது நிமிடத்துக்கு நிமிடம் குறித்து வைத்த அந்த மில்லிவோல்ட் எண்களையும் சேர்த்துக் கொடுங்கள், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.